கேட்டைத் தாண்டினால் கம்பெனிக்குப் பொறுப்பு இல்லையா?

கேள்வி: சார், ஓசூரில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி இன்ஸ்பெக்டராக இருக்கிறேன். வயது 35, சம்பளம் 27,000. இ.எஸ்.ஐ. கிடையாது. 2025 மார்ச் 14 அன்று இரண்டாம் ஷிப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்குப் போகும்போது, வழியில் மெடிக்கலில் அம்மாவுக்கு மாத்திரை வாங்கினேன். கிளம்பிய சில நிமிடத்தில் நாய் குறுக்கே வந்து விழுந்து, வலது கணுக்கால் உடைந்து பிளேட் வைத்திருக்கிறது. கைக்காசு 1,40,000 செலவு. மூன்று மாதம் வேலைக்குப் போகவில்லை. 'கேட்டுக்கு வெளியே, அதுவும் கடைக்குப் போனபோது நடந்தது, கம்பெனி பொறுப்பில்லை' என்கிறார் எச்.ஆர். இதே கம்பெனியில் இருக்கும் என் தங்கை மாப்பிள்ளைக்கு ஜூலை 20, ஞாயிறு, கம்பெனி கிரிக்கெட் போட்டியில் முழங்கால் ஜவ்வு கிழிந்துவிட்டது. விளையாட்டு வேலையாகாது, ஜூனில் சம்பளம் 22,000 ஆனதால் இ.எஸ்.ஐ.யும் போய்விட்டது என்கிறார்கள். எங்கள் இருவருக்கும் எதுவுமே கிடைக்காதா?

– பெயர் வேண்டாம், ஓசூர்

பதில்: உங்கள் எச்.ஆர். பொய் சொல்லவில்லை, பழைய சட்டத்தைச் சொல்கிறார். அவர் சொல்வது நெடுங்காலம் சட்டமாகத்தான் இருந்தது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ஒரு வழக்கில், தொழிலாளி சைக்கிளில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஷிப்ட் 4.30க்கு. தொழிற்சாலைக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது, 4.15க்கு லாரி இடித்தது. இன்னும் கால் மணி நேரத்தில் மெஷின் முன்னால் நிற்க வேண்டிய மனிதர். ஆனாலும் அது வேலையினால், வேலையின்போது ஏற்பட்ட காயம் ஆகாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுச் சாலையில் போகிற யாருக்கும் நேரக்கூடிய விபத்து அது, வேலை இன்னும் தொடங்கவில்லை என்பதுதான் காரணம்.

அதற்கும் முன்பிருந்தே நீதிமன்றங்கள் ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்திருந்தன. வேலையிடம் என்பது சுவரோடு முடிவதில்லை, சூழ்நிலையைப் பொறுத்து அதைக் கொஞ்சம் வெளியே நீட்டிப் பார்க்கலாம் என்ற கொள்கை அது. எவ்வளவு நீட்டலாம் என்பதில்தான் தகராறு. 1958இல் சௌராஷ்டிரத்தில் உப்பளத் தொழிலாளர்கள் வேலை முடிந்து கழியைக் கடக்க ஏறிய படகு கவிழ்ந்தது. அது எல்லோரும் ஏறும் பொதுப் படகு என்பதால் நஷ்டஈடு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். 1963இல் பம்பாய் மாநகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் டியூட்டி முடிந்து, அதே நிறுவனத்தின் இன்னொரு பேருந்தில் வீடு திரும்பும்போது இறந்துபோனார். ஓட்டுநர்கள் நேரத்துக்கு வந்து போக வேண்டும் என்பதற்காகவே நிறுவனம் அந்த இலவசப் பயணத்தைக் கொடுத்திருந்தது. ஆகவே அவர் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு என்றது அதே நீதிமன்றம். கம்பெனி பஸ்ஸில் போனால் உண்டு, சொந்த வண்டியில் போனால் இல்லை என்ற பேச்சு தொழிற்சாலை வட்டாரத்தில் ஊன்றியது இப்படித்தான்.

2010 ஜூன் 1 முதல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் ஒரு புதுப் பிரிவு வந்தது, 51இ. வீட்டிலிருந்து வேலைக்கோ, வேலை முடிந்து வீட்டுக்கோ போகும்போது நடக்கும் விபத்தும் பணிக்காயம்தான் என்றது அது. விபத்து நடந்த சூழ்நிலை, நேரம், இடம் ஆகியவற்றுக்கும் வேலைக்கும் தொடர்பு இருப்பதைக் காட்ட வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. நல்ல மாற்றம், ஆனால் இ.எஸ்.ஐ.க்குள் இருப்பவர்களுக்கு மட்டும். உங்களைப் போல 21,000 ரூபாய் வரம்பைத் தாண்டியவர்களுக்குப் பொருந்துவது 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டம். அதில் இப்படி ஒரு வரி சேர்க்கப்படவில்லை. ஒரே ஷிப்ட், ஒரே ரோடு, ஒரே பள்ளம். சம்பளம் 20,000 என்றால் பாதுகாப்பு உண்டு, 27,000 என்றால் இல்லை என்று பதினைந்து வருடம் ஓடியது.

அந்த ஓட்டையை அடைத்தது உச்ச நீதிமன்றத்தின் 2025 ஜூலை 29 தீர்ப்பு. மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி. அவருக்கு டியூட்டி அதிகாலை 3 மணிக்கு. 2003 ஏப்ரல் 22 அன்று மோட்டார் சைக்கிளில் கிளம்பியவர், ஆலைக்கு ஏறக்குறைய 5 கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்துபோனார். இழப்பீட்டு வழக்குகளை விசாரிக்கும் ஆணையர் 3,26,140 ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார், உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. நீதிபதிகள் மனோஜ் மிஸ்ராவும் கே.வி. விஸ்வநாதனும் ஆணையரின் உத்தரவை மீட்டுக் கொடுத்தார்கள். இரண்டு சட்டங்களிலும் 'வேலையினால், வேலையின்போது' என்ற சொற்கள் ஒன்றே. ஆகவே வீடு–வேலைப் பயணம் 1923 சட்டத்திலும் அடங்கும், தொடர்பு நிரூபிக்கப்பட வேண்டும் என்றார்கள். 51இ புதிதாக எதையும் கொடுக்கவில்லை, இருந்ததைத் தெளிவாக்கியது, அதனால் பழைய விபத்துக்கும் பொருந்தும் என்பதும் அதே தீர்ப்பில் இருக்கிறது. உங்கள் விபத்து தீர்ப்புக்கு நான்கு மாதம் முந்தையது என்று யாராவது சொன்னால், அந்தத் தீர்ப்பே 2003 விபத்தைப் பற்றியது என்று பதில் சொல்லுங்கள்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து, இந்த இரண்டு பழைய சட்டங்களின் இடத்தையும் பிடித்துக்கொண்டது. பயண விபத்து பற்றிய வாசகம் அதில் இழப்பீட்டு அத்தியாயத்திலேயே இருக்கிறது. நஷ்டஈட்டின் அளவையும் உரிமையையும் தீர்மானிப்பது விபத்து நடந்த நாளின் சட்டம். உங்கள் இருவர் விபத்தும் அதற்கு முன்பே நடந்துவிட்டதால் பழைய சட்டங்களை வைத்தே பேசுகிறேன்.

இனி மெடிக்கல் ஷாப்புக்கு வருவோம். எச்.ஆர். கையில் இருக்கும் ஒரே உருப்படியான வாதம் அதுதான். தொடர்பு இருக்கிறதா என்பதைச் சூழ்நிலை, நேரம், இடம் என்று மூன்றாக வைத்துத்தான் பார்க்கிறார்கள். வழக்கமாகப் போகும் ரோட்டிலேயே இருக்கும் கடையில் ஐந்து நிமிடம் நிற்பது வேறு, ரூட்டை விட்டு நான்கு கிலோமீட்டர் உள்ளே போய் நண்பர் வீட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வருவது வேறு. முதலாவதில் நீங்கள் இன்னும் வீட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறீர்கள். இரண்டாவதில் வேலையோடு இருந்த கயிறு அறுந்துவிடும், அங்கிருந்து வீட்டுக்குக் கிளம்பினாலும் அது வேலையிலிருந்து வீட்டுக்குப் போகும் பயணம் என்று வாதிடுவது கஷ்டம். என் அனுபவத்தில், பால் பாக்கெட், பெட்ரோல், மாத்திரை போன்ற நிறுத்தங்களை எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் பெரிதாக்குவார். பாதை மாறவில்லை, நேரம் கூடவில்லை என்று காட்டிவிட்டால் அது நிற்பதில்லை. அதோடு, நாய் குறுக்கே வந்தது கடை வாசலில் அல்ல, திரும்ப ரோட்டுக்கு வந்து ஓட்டத் தொடங்கிய பிறகு.

இதைக் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கும் சிறந்த சாட்சி, எச்.ஆர். உங்களுக்கு எதிராகப் பேசும் அந்த மெடிக்கல் பில்லேதான். பில்லில் நேரம் அடித்திருக்கும். ஷிப்ட் 10.30க்கு முடிந்தது என்று வைத்துக்கொள்வோம். பஞ்ச் அவுட் 10.36, பில் 10.51, ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் பதிவு 11.20. இந்த மூன்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதி, கேட், கடை, விழுந்த இடம், வீடு நான்கையும் ஒரு வரைபடத்தில் குறித்துக் கொடுத்தால், நடுவில் வேறெங்கும் போக நேரமே இல்லை என்பது தானாகத் தெரியும். பில் இல்லையென்றால் உங்கள் வாக்குமூலம் மட்டும்தான் மிஞ்சும்.

அடுத்தது ஏ.ஆர். காப்பி. கேஷுவாலிட்டியில் டியூட்டி டாக்டர் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல். அதில் எங்கே, எப்போது, எப்படி, கூட்டி வந்தவர் யார் என்று இருக்கும். 'பைக்கிலிருந்து தானாக விழுந்தார்' என்று மட்டும் எழுதியிருந்தால் பாதகமில்லை. 'வீட்டில் வழுக்கி விழுந்தார்' என்று எழுதியிருந்தால் வழக்கு அங்கேயே நொண்டும். போலீஸ் கேஸ் ஆகிவிடும், இன்ஷூரன்ஸ் கிடைக்காது என்று யாரோ பயமுறுத்தியதால், கூட வந்தவர்கள் மாற்றிச் சொல்லிவிடுவது நம் ஊரில் சகஜம். என்னிடம் வந்த ஒருவருக்கு மைத்துனர் நல்லெண்ணத்தில் சொன்ன 'மாடிப்படி' என்ற ஒரு வார்த்தையைச் சரிசெய்ய, அந்த இரவு டியூட்டியில் இருந்த டாக்டரையே சாட்சிக்கூண்டில் ஏற்ற வேண்டியதாயிற்று. ஆகவே முதல் வேலையாக அந்தக் காப்பியை வாங்கி, எழுத்துக்கு எழுத்து படியுங்கள். மது வாடை பற்றிய குறிப்பும் அதில்தான் இருக்கும். சாவோ முழு நிரந்தர ஊனமோ இல்லாத காயம், குடிபோதையே நேரடிக் காரணம் என்றால், முதலாளி பொறுப்பிலிருந்து விடுபடலாம். தானாக விழுந்த விபத்துகளில் எஃப்.ஐ.ஆர். பெரும்பாலும் போடுவதில்லை, அது இல்லாதது குறையல்ல. போலீஸில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது இருந்தால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட் போடவில்லை என்றும் கிளப்புவார்கள். உடைந்தது கணுக்கால்.

இப்போது பணம். இந்தச் சட்டத்தில் உங்கள் சம்பளம் 27,000 என்றாலும் கணக்குக்கு எடுத்துக்கொள்வது 15,000 மட்டுமே. 2020 ஜனவரி 3 அன்று வைத்த உச்சவரம்பு அது, அதற்கு முன் 8,000 ஆக இருந்தது. முழு நிரந்தர ஊனத்துக்கு அந்த 15,000இல் 60 சதவீதத்தை, அதாவது 9,000 ரூபாயை, வயதுக்கு உரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். 35 வயதுக்கு அது 197.06. பெருக்கினால் 17,73,540 ரூபாய். உங்களுடையது பகுதி ஊனம், ஆகவே சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் போயிற்றோ அத்தனை சதவீதம் இதில் கிடைக்கும். டாக்டர் 15 சதவீதம் என்று சான்று கொடுத்தால் 2,66,031. இதோடு சிகிச்சைக்கு உண்மையில் செலவான தொகையும் உண்டு, உங்கள் 1,40,000க்கும் பில் இருக்க வேண்டும். மொத்தம் 4,06,031. வேலைக்குப் போகாத மூன்று மாதத்துக்கு அரை மாதத்துக்கு ஒருமுறை 3,750 என்ற கணக்கில் கம்பெனி 22,500 கொடுத்திருக்க வேண்டும். அதை அப்போதே கொடுத்திருந்தால் மொத்தத் தொகையில் கழித்துக்கொள்வார்கள், ஆகவே அதன்மேல் பெரிய நம்பிக்கை வைக்க வேண்டாம்.

இந்தக் கணக்கில் சண்டை நடப்பது அந்த 15 சதவீதத்தைச் சுற்றித்தான். சட்டத்தின் முதல் அட்டவணையில் விரல், கை, கால் இழப்புக்கெல்லாம் சதவீதம் அச்சிட்டிருக்கிறது. பிளேட் வைத்த கணுக்கால் அதில் இல்லை. இல்லாத காயத்துக்கு, தகுதியுள்ள மருத்துவர் அட்டவணையை மனதில் வைத்து மதிப்பிட வேண்டும். அவர் எழுத வேண்டியது காலின் ஊனம் எவ்வளவு என்பதல்ல, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பது. இரண்டும் ஒன்றல்ல. 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கில் தச்சர் ஒருவருக்கு இடது கை முழங்கைக்கு மேல் போய்விட்டது. அட்டவணைப்படி அது பகுதி ஊனம்தான், ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியாது என்பதால் முழு ஊனமாகவே எடுத்துக்கொண்டார்கள். உங்கள் விஷயத்தில் கம்பெனி சொல்லப்போவது, 'அதே சம்பளத்துக்கு அதே வேலைக்குத் திரும்ப வந்துவிட்டார், நஷ்டம் எங்கே?' என்பது. அதற்குப் பதில், சட்டம் கேட்பது இந்த ஒரு வேலையை வைத்து அல்ல. விபத்தன்று நீங்கள் செய்யக்கூடியதாக இருந்த எல்லா வேலைகளையும் வைத்துத்தான் திறன் குறைந்ததா என்று பார்க்கிறது. லைனில் எட்டு மணி நேரம் நின்றபடி செக் பண்ணும் வேலை இனி முடியுமா, படி ஏறி இறங்கும் ஸ்டோர் வேலை முடியுமா என்று டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். உட்கார்ந்தே செய்யும் டேபிளுக்கு உங்களை மாற்றியிருந்தால் அந்த உத்தரவும் ஒரு சான்றுதான். சான்று தரும் டாக்டர் ஆணையர் முன் வந்து சாட்சி சொல்லத் தயாரா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வராத டாக்டரின் சான்றிதழ் பாதிப் பலம்தான்.

வட்டி 12 சதவீதம். நஷ்டஈடு விபத்து நடந்த நாளிலேயே சேர வேண்டிய கடனாகிவிடுகிறது என்று மேலே சொன்ன தச்சர் வழக்கே தீர்த்துவிட்டது. அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வட்டி ஓடத் தொடங்கும். 2,66,031க்கு வருடத்துக்கு ஏறக்குறைய 31,900 ரூபாய். தக்க காரணமின்றி இழுத்தடித்தார்கள் என்று ஆணையர் கண்டால், தொகையில் பாதி வரை அபராதமும் விதிக்கலாம். கம்பெனி இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அசலும் வட்டியும் இன்ஷூரன்ஸ்காரர் தலையில் போகும், அபராதம் மட்டும் கம்பெனியின் சொந்தப் பையிலிருந்து வர வேண்டும். இதை உங்கள் கடிதத்தில் ஒரு வரி மரியாதையாகக் குறிப்பிட்டால், கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் பிரிவு உங்கள் ஃபைலை எடுத்துப் படிக்கும்.

நாய்க்குப் பதில் ஒரு லாரி இடித்திருந்தால் வேறு யோசனை சொல்லியிருப்பேன். அப்போது மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம், தொழிலாளர் ஆணையர் என்று இரண்டு கதவு இருக்கும். ஆனால் ஒன்றைத்தான் தட்டலாம். தீர்ப்பாயத்தில் 15,000 வரம்பு கிடையாது, உங்கள் உண்மைச் சம்பளத்தைப் பார்ப்பார்கள், ஆனால் பொதுவாக லாரி டிரைவரின் தவறை நிரூபிக்க வேண்டும். ஆணையரிடம் யார் தவறு என்ற கேள்வியே பெரும்பாலும் எழாது. உங்களுக்கு இடிக்க ஆளே இல்லாததால் ஒரு கதவுதான்.

மாப்பிள்ளை விஷயத்தில் எச்.ஆர். இரண்டு தவறு செய்திருக்கிறார். முதல் தவறு எளிது. இ.எஸ்.ஐ.யில் சந்தா காலம் என்று வருடத்துக்கு இரண்டு, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒன்று, அக்டோபர் முதல் மார்ச் வரை ஒன்று. காலம் தொடங்கும்போது சம்பளம் 21,000க்குள் இருந்தால், நடுவில் இன்கிரிமென்ட் வந்து தாண்டினாலும் அந்தக் காலம் முடியும் வரை அவர் இ.எஸ்.ஐ.க்குள்தான். ஜூனில் 22,000 ஆனவர் செப்டம்பர் 30 வரை உள்ளே இருக்கிறார், விபத்து ஜூலை 20. ஜூலை மாத பே ஸ்லிப்பைப் பாருங்கள். 22,000க்கு 0.75 சதவீதம், அதாவது 165 ரூபாய் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லையென்றால் அது கம்பெனியின் குற்றம், அதற்காக அவர் உரிமை போகாது. இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷன் அவருக்குக் கொடுத்துவிட்டுக் கம்பெனியிடம் வசூலித்துக்கொள்ளும். இ.எஸ்.ஐ.க்குள் இருக்கிறார் என்பதால், உங்களைப் போல கம்பெனி மீது 1923 சட்டப்படி வழக்குப் போட அவரால் முடியாது. இரண்டு பக்கமும் வாங்க சட்டம் விடாது.

இரண்டாவது, கிரிக்கெட். கம்பெனி விழாக்களைப் பற்றி இந்தச் சட்டங்களில் தனியாக ஒரு வரி கிடையாது. மறுபடியும் 'வேலையினால், வேலையின்போது' என்ற அதே அளவுகோல்தான். ஆட்டம் யாருடையது என்பதுதான் நான் முதலில் கேட்பது. உங்களுக்குள் காசு போட்டு ஒகேனக்கல் போய், அங்கே வழுக்கி விழுந்தால், கூடப் போன எல்லோரும் ஒரே டிபார்ட்மென்ட் என்பதற்காக அது பணிக்காயம் ஆகிவிடாது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் சூப்பர்வைசர் சொல்லி, ஷாப் ஃப்ளோரில் தோரணம் கட்ட ஏணியில் ஏறி விழுந்தால், அது வேலைதான், தோரணம் உற்பத்தியில் சேராது என்று சொல்ல முடியாது. கிரிக்கெட் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே விழுகிறது என்பதைச் சின்னச் சின்ன விவரங்கள்தான் தீர்மானிக்கும்.

சர்க்குலர் யார் பெயரில் வந்தது? 'ஒவ்வொரு டிபார்ட்மென்ட்டும் 11 பேர் தர வேண்டும்' என்று வாட்ஸாப் குரூப்பில் மேனேஜர் போட்டாரா, 'விருப்பமுள்ளவர்கள் வரலாம்' என்று போட்டாரா? மைதான வாடகை, ஜெர்சி, சாப்பாடு யார் செலவு? வராதவர்களிடம் ஏன் வரவில்லை என்று கேட்டார்களா? முக்கியமாக, அந்த ஞாயிறுக்கு காம்ப் ஆஃப் கொடுத்தார்களா? கொடுத்திருந்தால் அதுவே போதுமான பலம். டியூட்டியாகக் கணக்கில் எழுதிய நாளை, காயம் பட்டபிறகு பொழுதுபோக்கு என்று மாற்றிச் சொல்ல முடியாது. பேனர் முன் நிற்கும் குரூப் போட்டோ, பரிசளித்த ஜெனரல் மேனேஜர், மாத இதழில் வந்த படம் எல்லாமே இங்கே ஆவணம். விருப்பப்பட்டவர்கள் மட்டும், சொந்தச் செலவில், லீவு நாளில் ஆடியதென்றால் நான் வழக்குப் போடச் சொல்ல மாட்டேன்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. பணிக்காயம் என்று பதிவானால் பணம் கொடுப்பது கார்ப்பரேஷன், கம்பெனிக்கு ஒரு ரூபாய் செலவில்லை. பிறகு ஏன் தயங்குகிறார்கள்? விபத்து அறிக்கையான 12ஆம் படிவத்தை ஏற்றினால், கேட்டில் மாட்டியிருக்கும் 'விபத்தில்லா நாட்கள்' போர்டை மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும், கஸ்டமர் ஆடிட்டில் கேள்வி வரும். அவ்வளவுதான். அதற்காக மாப்பிள்ளையின் கேஸைச் சாதாரண நோய் விடுப்பாகத் தள்ளிவிடுவார்கள். சிகிச்சை எப்படியும் கிடைக்கும், ஆனால் பண வித்தியாசம் பெரிது. தினக்கூலி 700 ரூபாய் என்று வைத்தால், நோய்ப் பலன் 70 சதவீதம், 490 ரூபாய், அதுவும் வருடத்துக்கு 91 நாள்தான். பணிக்காயம் என்றால் 90 சதவீதம், 630 ரூபாய், வேலை செய்ய முடியாத நாள் முழுக்க. ஜவ்வு ஆபரேஷன் செய்த முழங்கால் 91 நாளில் ஷாப் ஃப்ளோருக்குத் திரும்பாது. பிறகும் குறை நின்றுவிட்டால், மருத்துவ வாரியம் மதிப்பிட்டு வாழ்நாள் முழுக்க மாதத் தொகை வரும். நோய்ப் பலனில் அந்த வழியே இல்லை.

கம்பெனி படிவத்தை ஏற்ற மறுத்தால், விபத்து விவரத்தை அவரே எழுதி, சாட்சிகள் இருவர் கையெழுத்தோடு, உங்கள் பகுதி இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கட்டும். அவர்கள் விசாரிக்க வேண்டும். பணிக்காயம் இல்லை என்று முடிவு செய்தால் இ.எஸ்.ஐ. நீதிமன்றம் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது, விபத்து விவரம், கணக்கு, மருத்துவ பில் நகல்கள் இணைத்து நிர்வாகத்துக்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் ஒரு கடிதம். பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, தமிழ்நாட்டில் இழப்பீட்டு ஆணையராக இருக்கும் தொழிலாளர் துணை ஆணையரிடம் மனு. விபத்து நடந்த இடம், நீங்கள் குடியிருக்கும் இடம் எதற்கு உரிய அலுவலகத்திலும் போடலாம். கெடு இரண்டு வருடம், 2027 மார்ச் 13க்குள் மனு உள்ளே இருக்க வேண்டும். நடுவில் எச்.ஆர். கூப்பிட்டு, 'ஐம்பதாயிரம் வாங்கிக்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுங்கள்' என்று சொல்லலாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்த மாதிரிக் காகிதம் சட்டத்தின் முன் செல்லாது. சமாதானமாகப் போவதென்றால் ஒப்பந்தத்தை ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும், தொகை குறைவாக இருந்தால் அவரே பதிவை மறுக்கலாம். ஆணையர் உங்களுக்குச் சாதகமாக உத்தரவிட்ட பிறகு கம்பெனி உயர் நீதிமன்றத்துக்குப் போக நினைத்தால், தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போக முடியும்.

இதற்கெல்லாம் முன்னால், இன்றைக்கே ஒரு காரியம். மெடிக்கல் பில் வெப்பத்தாளில் அடித்தது. பர்ஸில் வைத்திருந்தால் சில மாதத்தில் வெள்ளைத் தாளாகிவிடும். எடுத்துப் பாருங்கள். நேரம் இன்னும் தெரிந்தால் போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டுவிடுங்கள். தெரியவில்லையென்றால் அந்தக் கடைக்கே போய், மார்ச் 14 இரவு பில்லின் மறுநகலைக் கம்ப்யூட்டரிலிருந்து எடுத்து, கடை முத்திரை போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.